படுக்கையறை டிவி: சுவரா, மேசையா? செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு கணக்கு

டிவி வாங்கின மறுநாள் மாட்டுகிற பையன் வருவான். கையில் டிரில், தோளில் பை. அறைக்குள் நுழைந்ததும் சுவருக்கு எதிரே நின்றபடி, "எவ்வளவு உயரத்துல வைக்கணும்ணே?" என்பான். நாமும் நின்றபடியே கையைத் தூக்கி, "இந்தா, இங்க" என்று காட்டுவோம். காட்டுகிற இடம் பெரும்பாலும் ஆறடியை ஒட்டியே இருக்கும், ஏனென்றால் நிற்கிறவன் கண்ணுக்கு அதுதான் சரியாகப் படும். ஆனால் படுக்கையறையில் யாரும் நின்றுகொண்டு டிவி பார்ப்பதில்லை.

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பல வருஷமாக டிவி மாட்டுகிற வேலை பார்க்கிறேன். ஹாலில் மாட்டுவது சுலபம். சோபாவில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள். படுக்கையறையில் ஒரே ஆள் ஏழு மணிக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், எட்டு மணிக்கு இரண்டு தலையணையில் சாய்ந்திருப்பார், ஒன்பதரைக்கு ஒற்றைத் தலையணையில் படுத்திருப்பார். மூன்றுக்கும் கண் இருக்கும் உயரம் வேறு. அதோடு நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. துளை போடப் போகிற சுவர் போன வருஷம் கட்டிய சிமெண்ட் சுவரா, அல்லது பாட்டன் காலத்துச் சுண்ணாம்புச் சுவரா? ஸ்டாண்டா சுவரா என்ற கேள்விக்கு முக்கால்வாசி விடை இந்த இரண்டிலேயே இருக்கிறது. டிவியின் விலையும் கம்பெனியும் அதற்குப் பிறகுதான்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் இரண்டு டிவி வைத்த கதையை எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் 43 அங்குலம், ஒரே மாடல், ஒரே நாளில் வந்தவை. கீழே வளவை ஒட்டிய பழைய அறையில் ஆச்சிக்கு ஒன்று. பின்பக்கம் புதிதாக எழுப்பிய மாடியறையில் மகனுக்கு ஒன்று. முடிவு இரண்டுக்கும் வெவ்வேறாகத்தான் வந்தது.

முதலில் கண் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்

அளவு எடுக்க டேப் ஒன்றும் கூட ஓர் ஆளும் போதும். பார்க்கிறவர் வழக்கமாக எப்படிச் சாய்வாரோ அப்படிச் சாய வேண்டும். அளவெடுக்கிறோம் என்றவுடன் எல்லோரும் போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி நிமிர்ந்துவிடுவார்கள். இரண்டு நிமிஷம் பேச்சுக் கொடுத்தால் உடம்பு தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும், அப்போது தரையிலிருந்து கண் வரை அளக்க வேண்டும்.

ஆச்சியின் கட்டில் அந்தக் காலத்துப் பர்மாத் தேக்கு. மெத்தையின் மேல்மட்டம் தரையிலிருந்து 60 செ.மீ. இரண்டு தலையணையில் சாய்ந்தால் கண் 110 செ.மீ. உயரத்தில் இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் 132. ஒற்றைத் தலையணையில் படுத்தால் 85. அறை, தலைமாட்டுச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை 11 அடி, அதாவது 335 செ.மீ. சாய்ந்திருக்கும்போது கண் பின்சுவரிலிருந்து 55 செ.மீ. முன்னால் இருக்கும், ஆக கண்ணிலிருந்து எதிர்ச்சுவருக்கு 280 செ.மீ.

நேராக உட்கார்ந்திருக்கிறவருக்குப் படத்தின் நடுப்பகுதி கண் மட்டத்திலோ கொஞ்சம் கீழேயோ இருந்தால் கழுத்துக்குச் சுகம். கண் தளர்வாக இருக்கும்போது பார்வை தானாகச் சற்றுக் கீழ்நோக்கித்தான் விழும். ஆனால் முதுகு சாய்ந்ததும் முகமும் கூரையைப் பார்த்துக் கொஞ்சம் திரும்பிவிடுகிறது. அந்த நிலையில் தளர்ந்த பார்வை கண் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 10 டிகிரியில் போய் நிற்கும். அதனால் சாய்ந்து பார்க்கிறவருக்கு டிவி ஹாலில் இருப்பதைவிட மேலே இருக்க வேண்டும். எவ்வளவு மேலே என்பதற்கு நான் வைத்திருக்கிற கணக்கு இதுதான்: மூன்று மீட்டர் தூரத்தில் 5 செ.மீ. உயர்ந்தால் 1 டிகிரி. இந்த அறையில் தூரம் கொஞ்சம் குறைவு என்றாலும் அதே கணக்கு ஓடும். 10 டிகிரிக்கு 50 செ.மீ., ஆக 110 கூட்டல் 50, படத்தின் நடு 160 செ.மீ.யில் வரும்.

அது சாய்ந்திருக்கும்போது. நிமிர்ந்து உட்கார்ந்தால் அதே 160 கண்ணுக்கு மேலே 28 செ.மீ. தள்ளி இருக்கிறது, ஐந்தாறு டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். அரைமணிக்குப் பரவாயில்லை, ஒரு படம் முழுக்க என்றால் பிடரி இறுகும். அதனால் சுவரில் மாட்டும்போது நடுவை 145-லிருந்து 155-க்குள் வைப்பேன். 150 என்று வைத்துக்கொண்டால் உட்கார்ந்தவருக்கு 4 டிகிரிக்குள், சாய்ந்தவருக்கு 8, படுத்தவருக்கு 13. மூவருக்கும் தாங்கும். நின்றுகொண்டு காட்டிய ஆறடியை நடுவாக வைத்தால் இதுவே 10, 15, 19 என்று ஏறிவிடும். 'டிவி பார்த்தாலே கழுத்து வலிக்குது' என்று சொல்கிற வீடுகளில் போய் அளந்து பார்த்தால் பெரும்பாலும் இந்த ஆறடிதான் இருக்கும்.

உயரமாக வைப்பதில் வயதானவர்களுக்கு ஒரு லாபமும் உண்டு. இரண்டு பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கீழ்ப்பாதி வாசிக்க, மேல்பாதி தூரத்துக்கு. சாய்ந்துகொண்டு தாழ்வான டிவியைப் பார்த்தால் பார்வை கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் போகும், படம் மங்கும். அதைச் சமாளிக்க மோவாயை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு மேல்பாதி வழியாகப் பார்ப்பார்கள். டிவி கொஞ்சம் உயர்ந்தாலே அந்தக் குனிவு போய்விடும். ஆச்சியும் அந்தக் கண்ணாடிதான்.

தாழ்வான டிவி யூனிட் ஏன் ஆகாது

மகன் ஏற்கனவே ஹாலுக்காக வாங்கிய டிவி யூனிட் ஒன்று சும்மா கிடந்தது, 45 செ.மீ. உயரம். அதையே ஆச்சி அறையில் போட்டுவிடலாம், சுவரைத் தொட வேண்டாம் என்றார். பார்த்தால் நல்ல யோசனைதான். கட்டிலின் கால்மாட்டுப் பலகையை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

பழைய தேக்குக் கட்டில்களுக்குக் கால்மாட்டிலும் கடைசல் வேலை செய்த உயரமான பலகை இருக்கும். இது தரையிலிருந்து 90 செ.மீ. ஆச்சியின் கண்ணிலிருந்து அந்தப் பலகைக்கு 155 செ.மீ., டிவிக்கு 260 செ.மீ. (மேசையில் வைத்தால் டிவி சுவரிலிருந்து 20 செ.மீ. முன்னால் வந்துவிடும்). 110-ல் இருக்கிற கண்ணிலிருந்து 90-ல் இருக்கிற பலகை விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஒரு நூலைப் பிடித்தால், அது டிவி இருக்கும் இடத்தில் 76 செ.மீ. உயரத்தில் போய் நிற்கும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் மறைவு. 45 செ.மீ. யூனிட்டில் டிவியின் கால் 7 செ.மீ. சேர்ந்தால் திரையின் அடிவிளிம்பு 52-ல் இருக்கும். 43 அங்குல டிவியின் உயரமே 56 செ.மீ. சொச்சம். அதில் 24 செ.மீ. பலகைக்குப் பின்னால் போய்விடும்.

கால்மாட்டுப் பலகை இல்லாத புதுக் கட்டிலிலும் மெத்தைக்கு மேலே நிமிர்ந்திருக்கிற கால்விரலே 25 செ.மீ. எடுத்துக்கொள்ளும். அதனால் கடையில் விற்கிற தாழ்வான டிவி யூனிட்டைப் படுக்கையறைக்கு வாங்காதீர்கள். அது சோபாவுக்கு முன்னால் போட வேண்டிய சாமான்.

ஸ்டாண்ட் என்று முடிவெடுத்தால் மேசை குறைந்தது 75 செ.மீ. வேண்டும். அந்த வீட்டின் இரண்டாங்கட்டில் பழைய எழுத்து மேசை ஒன்று பூட்டிக்கிடந்தது. 78 செ.மீ. உயரம், நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம். டிவியின் இரண்டு கால்களுக்கு இடையே 80 செ.மீ., தாராளமாக உட்காரும். (வாங்குமுன் கால் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பல மாடல்களில் கால்கள் திரையின் இரண்டு ஓரத்திலும் இருக்கும், சின்ன மேசையில் ஒரு கால் அந்தரத்தில் தொங்கும்.) அந்த மேசையில் வைத்தால் அடிவிளிம்பு 85-ல், நடு 113-ல் வருகிறது. சாய்ந்திருக்கிற ஆச்சியின் கண்ணுக்கு நேர் எதிரே. முழுப்படமும் தெரிந்தது.

ஆனால் ஒற்றைத் தலையணைக்கு இறங்கியதும், "தம்பி, கீழ ஓடுற எழுத்து தெரியலையே" என்றார். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. படுத்தால் கண் 85, பலகை 90. அதைத் தாண்டிப் போகிற பார்வை டிவியிடம் 93-ல்தான் வந்து சேரும். அடியில் 8 செ.மீ. மறையும். செய்திச் சானலில் எழுத்து ஓடுகிற இடம் சரியாக அதுதான்.

சுவர் தாங்குமா

அப்படியானால் சுவரிலேயே 150-ல் மாட்டிவிடலாமே என்று மகன் கேட்டார். கேட்டது நியாயம்தான், ஆனால் அந்தச் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தால் மனசு வராது. சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து மெருகேற்றிய சுவர். இன்றைக்கும் கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், முகம் மங்கலாகத் தெரியும். ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அதுல மட்டும் ஓட்டை போட விடமாட்டேன்."

அழகுக்காக மட்டும் அவர் சொன்னது சரி என்று நான் நினைக்கவில்லை. பிடிமானக் கணக்கிலும் அவர் சொன்னதுதான் சரி. சுண்ணாம்புப் பூச்சு அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. பிளக் விரிந்து பிடிக்க வேண்டிய இடம் பூச்சுக்குப் பின்னால் இருக்கிற செங்கல். கடையில் பிராக்கெட்டோடு வருகிற பிளக் சிமெண்ட் சுவருக்கு ஏற்ற நீளம்தான் இருக்கும். கனமான சுண்ணாம்புப் பூச்சில் அதன் பெரும்பகுதி பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும். முறுக்கும்போது இறுகுகிற மாதிரித்தான் தோன்றும், கொஞ்ச நாளில் துளையைச் சுற்றிப் பூச்சு பொடிந்து உதிரும்.

எதில் துளை போகிறது என்று கண்டுபிடிப்பது எளிது. டிரில்லிலிருந்து வருகிற தூளைப் பாருங்கள். வெள்ளையாக வரும் வரை பூச்சில்தான் இருக்கிறோம். சிவப்பாக மாறினால் செங்கல். சிவப்பு வந்துவிட்டு மறுபடி வெள்ளை வந்தால் இரண்டு செங்கலுக்கு நடுவே உள்ள சுண்ணாம்புச் சாந்தில் போய்விட்டோம், அங்கே எந்தப் பிளக்கும் பிடிக்காது. பழைய சுவர்களில் செங்கல் சிறியது, சாந்துக் கோடுகள் நெருக்கம், அதனால் நாலு துளையில் ஒன்றாவது சாந்தில் போகிற வாய்ப்பு அதிகம். ராவல் போல்ட் எனப்படும் இரும்பு ஆங்கர் போட்டால் நிற்குமே என்பார்கள். அது விரிகிற வேகத்தில் பழைய செங்கல் பிளந்துவிடும், கான்கிரீட்டுக்குத்தான் அது.

மெருகில்லாத, வெறும் வெள்ளையடித்த பழைய சுவர் என்றால் வழி உண்டு. ஹேமர் மோடைப் போடாமல் சுற்றுகிற மோடிலேயே 4 மி.மீ. பிட்டில் ஆரம்பித்து, 6, பிறகு 10 என்று துளையைப் பெரிதாக்க வேண்டும். அதில் 10 மி.மீ. நைலான் பிளக், பூச்சைக் கடந்து செங்கலுக்குள் குறைந்தது 5 செ.மீ. போகிற நீளத்தில். இதற்கும் மேலே நான் நம்புவது பலகை முறை. மூன்றடி நீளத் தேக்குப் பலகை ஒன்றைச் சுவரில் ஆறு ஸ்க்ரூவில் பிடித்துவிட்டு, பிராக்கெட்டைப் பலகையில் மாட்டுவது. ஒரு துளை சாந்தில் போயிருந்தாலும் மற்றவை பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். பலகையை அலமாரிக் கதவின் நிறத்திலேயே பாலிஷ் செய்துவிட்டால் பார்க்கவும் உறுத்தாது. மழைக்காலத்தில் ஓதம் ஏறுகிற சுவராக இருந்தால் துருப்பிடிக்காத எவர்சில்வர் ஸ்க்ரூ போடுங்கள்.

மெருகுப்பூச்சுச் சுவரில் இதுவும் வேண்டாம் என்பேன். துளையின் வாயில் மெருகு சில்லுச் சில்லாகப் பெயரும். நாளைக்கு டிவியைக் கழற்றினால் அந்த இடத்தை அடைக்க முடியும், அதே மெருகுக்குக் கொண்டுவருவது கஷ்டம். சிமெண்டோ வால் பட்டியோ வைத்து அடைத்த திட்டு எப்போதும் தனியாகத் தெரியும்.

பிராக்கெட்டில் எது

மாடியறை ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு. அங்கே துளை போடுவதில் பயமில்லை, எந்தப் பிராக்கெட் என்பதுதான் கேள்வி. மகனுக்குக் கையோடு நீண்டு, இரண்டு பக்கமும் திரும்புகிற வகைதான் வேண்டும் என்று ஆசை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருக்கிறது, அங்கிருந்தும் பார்க்கலாமே என்றார்.

கடையில் மூன்று வகை கிடைக்கும். சுவரோடு ஒட்டி நிற்கிற அசையாத வகை, கீழ்நோக்கிச் சரிகிற டில்ட் வகை, மடக்கி நீட்டுகிற கை வகை. விலையில் ஒன்றைவிட ஒன்று ஏறும், சுவரில் விழுகிற இழுப்பும் அப்படியே ஏறும். இழுப்பு எவ்வளவு ஏறுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை, அதனால் கணக்குப் போட்டுக் காட்டினேன். டிவியின் எடை 8 கிலோ. அசையாத வகையில் அது சுவரிலிருந்து 4 செ.மீ. தள்ளி நிற்கிறது. மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 20 செ.மீ. இடைவெளி என்றால், மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்குகிற இழுப்பு 8 பெருக்கல் 4 வகுத்தல் 20, ஒன்றரைக் கிலோ சொச்சம்தான். அதே டிவியைக் கையில் 40 செ.மீ. வெளியே நீட்டினால் 16 கிலோ. பத்து மடங்கு. கையின் சொந்த எடை இதில் சேரவில்லை, பேரப்பிள்ளை அதைப் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்பதும் சேரவில்லை.

நல்ல சிமெண்ட் சுவரில் 16 கிலோ பெரிய பாரமில்லை. ஆனால் தினமும் இழுத்து மடக்குகிறபோது பிளக் கொஞ்சம் கொஞ்சமாக ஆடும். கை வகை போட்ட வீடுகளில் பிராக்கெட் தட்டின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் இடையே நகம் நுழைகிற அளவு சந்து தெரிந்தாலோ, நேர் கீழே தரையில் தூள் விழுந்திருந்தாலோ அன்றைக்கே டிவியை இறக்கிவிடுங்கள். அந்த இரண்டும்தான் முதல் அறிகுறி.

உண்மையில் படுக்கையறையில் பக்கவாட்டில் திருப்ப வேண்டிய தேவை அபூர்வம். கட்டில் ஒரே இடத்தில் இருக்கிறது, டிவி அதன் கால்மாட்டுக்கு நேரே. நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது மாதத்தில் ஒருநாள். சுவரில் இடமில்லாமல் மூலையில்தான் மாட்ட வேண்டும் என்கிற அறைக்குக் கை வகை வேண்டும், மற்றபடி அது ஹாலுக்கும் சமையலறையைப் பார்த்தபடி இருக்கிற சாப்பாட்டு மேசைக்கும்தான்.

அசையாத வகையும் படுக்கையறைக்குச் சரிப்படாது. கண் மட்டத்துக்கு மேலே மாட்டுகிறோம், ஆக திரை நம்மைத் தாண்டி எதிர்ச்சுவரின் மேல்பாதியைப் பார்த்துக்கொண்டிருக்கும். எல்இடி டிவிகள் பலவற்றில் நேராகப் பார்க்காமல் கீழிருந்து பார்த்தால் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகும், இரவுக் காட்சிகளில் ஆள் முகமே தெரியாது. கூரையில் இருக்கிற டியூப் லைட்டும் திரையில் விழும். இன்னொன்று, சுவரோடு ஒட்டிவிட்டால் பின்பக்கம் இருக்கிற எச்டிஎம்ஐ துளையில் ஒயர் செருகக் கை நுழையாது.

அதனால் மாடிக்கு டில்ட் வகைதான் என்று முடிவானது. அதில் எவ்வளவு சரிக்க வேண்டும் என்பதற்குத் தனிக் கணக்கு வேண்டாம். எத்தனை டிகிரி மேலே பார்க்கிறோமோ அத்தனை டிகிரி டிவி கீழே குனிந்தால் போதும். மகனின் கட்டில் புதியது, தாழ்வானது. மெத்தைமட்டம் 50, சாய்ந்தால் கண் 102. அவர் பெரும்பாலும் சாய்ந்துதான் பார்ப்பார், அதனால் நடுவை 145-ல் வைத்தோம். கண்ணைவிட 43 செ.மீ. மேலே, தூரம் மூன்று மீட்டர், ஆக 8 டிகிரியை ஒட்டி. கடையில் கிடைக்கிற டில்ட் பிராக்கெட்டுகள் 10-லிருந்து 15 டிகிரி வரை சரியும், போதும். அளவுக்கு மேல் சரித்தால் வேறு தொந்தரவு வரும். கூரை விளக்கு போய், பளபளக்கிற ஆத்தங்குடித் தரையில் விழுகிற வெளிச்சம் திரையில் ஏறிக்கொள்ளும்.

மாட்டும்போது எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. டிவியின் பின்னால் இருக்கிற நாலு ஸ்க்ரூத் துளைகள் திரையின் நடுவில் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த மாடலில் அவை நடுவைவிட 7 செ.மீ. கீழே இருந்தன. பிராக்கெட்டின் நடுவை 145-ல் வைத்திருந்தால் படம் 152-க்குப் போயிருக்கும். டிவியைக் கட்டிலில் துணி விரித்துக் கவிழ்த்துப் போட்டு, அடிவிளிம்பிலிருந்து துளை எவ்வளவு உயரம் என்று அளந்து, அதைச் சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். துளைகளுக்கு இடையே உள்ள தூரத்துக்கு வெசா அளவு என்று பெயர், இதில் 200-க்கு 200 மி.மீ. பிராக்கெட் வாங்கும்போது பெட்டியில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

துளை போடுமுன் பழைய செய்தித்தாளை டிவி அளவுக்கு வெட்டி அந்த இடத்தில் ஒட்டிவிட்டுப் படுத்துப் பார்க்கச் சொன்னேன். ஐந்து செ.மீ. இறக்கலாமா என்று மகன் கேட்டார். இறக்கி ஒட்டினோம், பிறகு பழைய இடமே மேல் என்றார். காகிதத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் நகர்த்தலாம். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் மட்டும் துளை போடாதீர்கள், ஒயர் பைப் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும்.

ஆச்சிக்கு என்ன செய்தோம்

சுவரைத் தொடாமல், மேசை மேலேயே டிவியை உயர்த்த வேண்டும். டிவியின் காலுக்கு அடியில் பலகைத் துண்டுகளை வைத்துத் தூக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அகலமான ஒரே பலகையாக இருந்தால் சரி. காலுக்குக் காலுக்கு ஒரு துண்டு வைத்தால் தூசி துடைக்கிற கை பட்டாலே நழுவும். பின்னங்காலை மட்டும் உயர்த்தி முன்னால் சாய்ப்பது கூடவே கூடாது, டிவி முகம் குப்புற விழும்.

கடைசியில் போட்டது மேசைத் தூண் ஸ்டாண்ட். அகலமான அடித்தட்டு, அதன் மேல் ஒரு தூண், தூணில் சுவர்ப் பிராக்கெட் மாதிரியே டிவியின் பின்துளைகளில் மாட்டுகிற தட்டு. உயரத்தைப் படிப்படியாக ஏற்றலாம், கொஞ்சம் சரிக்கவும் முடியும். டிவியின் சொந்தக் கால்களைக் கழற்றிவிட்டு இதில் மாட்டினோம். திரையின் அடிவிளிம்பை 95 செ.மீ.க்கு ஏற்றினோம், நடு 123. படுத்தால் 93-க்கு மேலே உள்ளதெல்லாம் தெரியும் என்று பார்த்தோமே, ஓடுகிற எழுத்து அதற்கு மேலே வந்துவிட்டது. சாய்ந்தால் 3 டிகிரிக்குள், படுத்தால் 8. சரிவை 5 டிகிரியில் நிறுத்தினேன்.

இதே வேலையைத் தரையில் நிற்கிற தூண் ஸ்டாண்டும் செய்யும், மேசையே வேண்டாம். அறை பெரிதாக இருந்து, நல்ல மேசை இல்லை என்றால் அதை வாங்கலாம். சக்கரம் வைத்ததை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தேய்ந்து வழவழப்பான ஆத்தங்குடிக் கல்லில் பிரேக் போட்டாலும் அது நகரும்.

ஸ்டாண்டுக்கு இருக்கிற ஒரே பெரிய குறை, தள்ளினால் கவிழும் என்பது. திருவிழாவுக்கு வீடு நிறையப் பிள்ளைகள் வருகிற ஊர் இது. சுவரில் கொக்கி போட முடியாது என்பதால், தட்டின் மேல் இரண்டு துளையில் நைலான் பட்டை மாட்டி மேசையின் பின்சட்டத்தில் ஸ்க்ரூ வைத்து இறுக்கினோம். அந்த மேசையை நகர்த்தவே இரண்டு ஆள் வேண்டும், ஆக டிவியும் அதோடு நின்றுவிடும். இலேசான பிளைவுட் மேசையில் இதைச் செய்தால் பலனில்லை, மேசையும் சேர்ந்து விழும்.

கடைசியாக இடத்தையும் ஒருமுறை மாற்றினோம். அறைக்கதவு வளவைப் பார்த்துத் திறக்கிறது. பகலில் கதவைத் திறந்தால் வானத்து வெளிச்சம் முழுக்க டிவியில் விழுந்தது, மத்தியானச் சீரியலில் ஆச்சிக்குத் தெரிந்தது வளவுத் தூண்கள்தான். அறையின் நடுவிலிருந்து மேசையை ஓரடி இடப்பக்கம் தள்ளி, அடித்தட்டோடு சேர்த்துக் கொஞ்சம் கட்டிலை நோக்கித் திருப்பியதும் அந்தப் பிரதிபலிப்பு விலகியது. சுவரில் அடித்திருந்தால் இதற்கு நாலு புதுத் துளை வேண்டியிருக்கும்.

செலவைப் பார்த்தால் தூண் ஸ்டாண்ட் டில்ட் பிராக்கெட்டைவிடக் கூடத்தான். மாடியில் மாட்டியது மலிவாகவும் முடிந்தது, தரையும் காலியாக இருக்கிறது, கூட்டிப் பெருக்க வசதி. சிமெண்ட் சுவரும், கால்மாட்டுக்கு நேரே வெறும் இடமும் இருக்கிறவர்கள் யோசிக்காமல் டில்ட் பிராக்கெட்டை வாங்கலாம். மாட்டி ஒரு மாதம் கழித்து டிவியைத் தூக்காமலே பிராக்கெட்டின் கீழ் ஸ்க்ரூக்களை ஸ்பானர் வைத்துச் சோதிக்கவும். கால் சுற்று இறுகினால் பரவாயில்லை. சுற்றிக்கொண்டே போனால் பிளக் பிடிக்கவில்லை, அந்தத் துளையை விட்டுவிட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் புதிதாகப் போட வேண்டும்.